இராஜாங்கத்தின் பம்புசெட் பாக்கி

கடைக் கம்ப்யூட்டரில் தப்பான தேதியை அழுத்தியது நான்தான். வராத பாக்கிகளைப் பில் தேதிப்படி முப்பது நாள், அறுபது, தொண்ணூறு, அதற்கு மேல் என்று பிரிக்க வேண்டும். இந்தக் கணக்குப் புலி சரக்கு போன தேதிப்படி பிரித்துவிட்டது.

அதில் ஒரு பில் இடம் மாறியது. கீழ்வேளூர் இராஜாங்கத்தின் பம்புசெட் பாக்கி புதுசு என்று, வராமல் போனால் ஈடுகட்ட ஐந்து சதவீதம்தான் வராக்கடனுக்கு ஒதுக்கியிருந்தேன். இப்போது அது பாதி ஒதுக்க வேண்டிய கடைசி வரிசையில் கிடந்தது. மோட்டாரை அவருக்கு அனுப்பி ஒரு வருஷம். பில்லை மட்டும் மாதாமாதம் ரத்து செய்து புதிதாகப் போட்டிருக்கிறார்கள்.

போட்டது எங்கள் கடையிலேயே பில் போடும் என் மனைவி பர்வினின் தம்பி அன்சார். அவனை வேலைக்குச் சேர்க்க முதலாளியிடம் பொறுப்பேற்றவன் நான். அடுத்த வாரம் துபாய் போக அவனுக்குப் பெட்டி வாங்கிக் கொடுத்த புண்ணியவானும் நானே.

“இராஜாங்கம் அறுவடை முடிஞ்சு தருவாராடா? எத்தனை சதவீதம் ஒதுக்கட்டும்?”

“நீங்க பார்க்காத கணக்கா மச்சான்?” என்று சிரித்தான்.

“முதலாளி லிஸ்டுக்குக் காத்திருக்காரு. சொல்லு.”

அவன் சிரிப்பு நின்றது.

“நூறு போடுங்க. அவரு போன அறுவடையிலேயே கொடுத்துட்டாரு. அந்தப் பணத்தை நான் விசாவுக்குக் கட்டிட்டேன்.”