வெறும் சுளுக்குதான்

சுளுக்கு என்ற சொல்லைக் கேட்டாலே வார்டனுக்குப் பற்றிக்கொண்டு வரும். பரீட்சை நெருங்கினால் பாதி ஹாஸ்டலுக்குச் சுளுக்கு. எல்லாருக்கும் கீழ்த்தளத்தில்தான் அறை வேண்டும்.

“சுளுக்குக்கெல்லாம் ரூம் மாத்த முடியாது. ஐஸ் வை, சரியாயிடும்,” என்றாள், மூன்றாம் மாடியிலிருந்து வந்து நின்ற மாணவியிடம்.

மாணவி போகவில்லை. சுவரைப் பிடித்தபடி, தயங்கித் தயங்கி டாக்டர் சீட்டை நீட்டினாள். கணுக்காலில் தசைநார் கிழிந்திருக்கிறது, ஆறு வாரம் படி ஏறக் கூடாது என்று அதில் இருந்தது.

வார்டன் எழுந்து தன் நாற்காலியையே அவள் பக்கம் தள்ளினாள். “அடிப்பாவி! முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கப் பாத்தியே! இந்தக் காலோடயா மூணு மாடி இறங்கி வந்த?”

“உக்காந்து உக்காந்து இறங்கினேன் மேடம். வீட்லயும் சுளுக்குன்னுதான் சொல்லியிருக்கேன். நீங்க போன் பண்ணினா ரெண்டும் ஒண்ணா இருக்கணுமேன்னு உங்ககிட்டயும் அதையே சொன்னேன்... அம்மா பயந்துடுவாங்க.”

கீழ்த்தளத்தில் ஓர் அறையில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. வார்டன் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தாள். “இன்னைக்கே மாறிக்கோ. பெட்டிய உன் ரூம்மேட் தூக்கிட்டு வரட்டும். ஆனா வீட்டுக்கு உண்மை தெரியணும். நானே பக்குவமா சொல்றேன்.”

முதல் மணியிலேயே அம்மா எடுத்தாள். வார்டனைப் பேசவே விடவில்லை.

“மேடம், போன தடவை லேசா காய்ச்சல்னு சொன்னா, வந்து பாத்தா ட்ரிப்ஸ் ஏறிட்டு இருந்துச்சு. நேத்து சுளுக்குன்னதுமே பஸ் ஏறிட்டேன். உங்க கேட்லதான் நிக்கிறேன். வாட்ச்மேன்கிட்ட கொஞ்சம் சொல்றீங்களா?”