ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த எண்ணெய்

தீபாவளிக்கு முந்தைய வாரம் சிங்கப்பூர் பஃபலோ ரோட்டில் நடக்கவே இடம் இருக்காது. அந்தக் கூட்டத்துக்காக எங்கள் கடை வாசலில் மிக்சர் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பாக்கெட்டின் பின்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் புழுக்கத்தில் மூலை தூக்கிக்கொண்டு நின்றது. அழுத்தி ஒட்டலாம் என்று தொட்டேன். கையோடு உரிந்து வந்துவிட்டது.

ஸ்டிக்கரை ஒட்டுவது எங்களுக்குச் சரக்கை இறக்குமதி செய்து தரும் அருண்ராஜ். அதில் ‘தாவர எண்ணெய்’ என்று இருந்தது. அடியில், பாக்கெட்டிலேயே அச்சாகியிருந்தது வேறு. ‘பார்ஷியலி ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஆயில்.’ ஹைட்ரஜன் ஏற்றிப் பாதி கெட்டியாக்கிய தாவர எண்ணெய்.

என் வீட்டுக்காரர் முகைதீனுக்குப் போன வருஷம்தான் இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் எங்களை உட்காரவைத்துச் சொன்ன முதல் விஷயமே இந்த எண்ணெய்தான். இதில்தான் டிரான்ஸ் ஃபேட் இருக்கும், கெட்ட கொழுப்பை ஏற்றி நல்ல கொழுப்பை இறக்கும், சிங்கப்பூரில் 2021-லேயே தடை செய்துவிட்டார்கள் என்றார். தடை செய்துவிட்டார்கள் என்றதும் நிம்மதியாக வீட்டுக்கு வந்தோம். கடையிலிருந்து தினமும் ஒரு மிக்சர் பாக்கெட்டும் கூடவே வந்தது.

இத்தனை நாளும் நாங்கள் லேபிளே படிக்காதவர்கள் இல்லை. எங்கள் கடைக்கு வருகிறவர்கள் கேட்பது இரண்டே கேள்வி: சைவமா? ஹலாலா? மாட்டுக்கொழுப்பு, பன்றிக்கொழுப்பு இல்லை, தாவர எண்ணெய் என்று பார்த்தால் எங்களுக்குப் போதும். ‘வெஜிடபிள்’ என்ற சொல்லைப் பார்த்ததும் கண் அங்கேயே நின்றுவிடும். அதற்கு முன்னாலோ ஸ்டிக்கருக்கு அடியிலோ என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

பாக்கெட்டின் முன்பக்கம் பார்த்தேன். பெரிய எழுத்தில் ‘டிரான்ஸ் ஃபேட் 0 கிராம்’. அரை கிராமுக்குக் குறைந்தால் பூஜ்யம் என்று போட்டுக்கொள்ளச் சில நாடுகளில் விடுகிறார்களாம். அதுவும் ஒரு பரிமாறலுக்கு. ஒரு பரிமாறல் என்பது ஒரு கைப்பிடி. ஒரு கைப்பிடியோடு எழுந்துபோன மனுஷனை நீங்கள் பார்த்ததுண்டா?

அடுத்து மார்ஜரின் கட்டிகள். அதுவும் அருண்ராஜ் சரக்கு. வெண்ணெய் வேண்டாம், இதயத்துக்கு ஆகாது என்று நானே வீட்டில் மாற்றிய மார்ஜரின். ஸ்டிக்கரை நகத்தால் கீறினேன். அடியில் அதே வார்த்தைகள்.

நானும் முகைதீனும் எல்லாவற்றையும் கடையின் பின்னறைக்குத் தூக்கிப்போய் வைத்தோம். படம் எடுத்து அரசாங்கத்தின் உணவு அமைப்புக்குப் புகார் அனுப்பினேன். பிறகுதான் அருண்ராஜுக்குப் போன் போட்டேன். அரை மணியில் வேனோடு வந்து நின்றான்.

“அக்கா, இதுக்குப் போய் டென்ஷன் ஆகாதீங்க லா. ஃப்ரன்ட்லயே ஸீரோன்னு போட்டிருக்கு பாருங்க.”

“பின்னாடி போட்டிருக்கிறத ஏன்டா மறைச்ச?”

“சப்ளையர் அனுப்பின டெக்ஸ்ட்டத்தான் பிரின்ட் பண்ணேன்.”

“பொய் சொல்லாத. ஸ்டிக்கர் ஒட்ட வேற இடமே கிடைக்கலையா? எல்லாப் பாக்கெட்லயும் கரெக்டா அந்த வரி மேலயேவா விழும்?”

அருண்ராஜ் பின்னறையை எட்டிப் பார்த்தான்.

“சரிக்கா, ஒரு பிரச்சினையும் வேணாம். எல்லாத்தையும் நான் ரிட்டர்ன் எடுத்துக்கறேன். இப்பவே ஏத்திடறேன்.”

“ஏத்தி எங்க கொண்டு போவ?”

“அதெல்லாம் நான் பாத்துக்கறேன்.”

“குப்பையிலயா, சுவா சூ காங் ஏரியாவுல வேற கடையிலயா?”

“அது உங்களுக்கு எதுக்குக்கா?”

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் புரிந்துபோனது. நேற்று வரை என் புருஷன் தின்றதை நாளைக்கு இன்னொருத்தி தன் புருஷனுக்குத் தட்டில் வைப்பாள், ஸ்டிக்கரை நம்பி. நான் வாயைத் திறப்பதற்குள் அவன் ஒரு அட்டைப்பெட்டியை நோக்கிக் குனிந்தான்.

பின்னறை வாசலில் நின்ற முகைதீன் நடந்து போய் அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தார். உள்ளே மிக்சர் நொறுங்கும் சத்தம் கேட்டது.

“பாய், எந்திரிங்க. ஆபீசர் வந்தா இதை வித்த உங்க கடையும்தான் மாட்டும்.”

“மாட்டட்டும்.”

“பாய்...”

“அருண், உங்கப்பாவுக்கும் ஹார்ட்டுதானே? போன தடவை ரெண்டு பாக்கெட் சும்மா குடுத்தேன், அப்பாவுக்கு எடுத்துட்டுப் போன்னு. வேணாம் பாய்னு வச்சிட்டுப் போன.”

அருண்ராஜ் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

“நீ மரியாதைக்குத்தான் வேணாம்கறேன்னு நெனச்சேன்டா,” என்றார் முகைதீன். “அன்னிக்கு அதையும் நான்தான் தின்னேன்.”