அழவைக்காத மருந்து

அழவைக்காத மருந்து மருந்தே அல்ல என்பது அக்பர் பாஷாவின் கட்சி. கசாயம் கசக்க வேண்டும், களிம்பு எரிய வேண்டும், ஊசி என்றால் பிள்ளை தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்த வேண்டும். போல்ட் கம்பெனியில் கடைசிச் சோதனை மேஜையில் உட்காருகிறவர். அவர் சரி என்றால்தான் பெட்டி லாரி ஏறும். அந்த அதிகாரத்தை அவர் கம்பெனி வாசலோடு விட்டுவிட்டு வருவதில்லை என்பதுதான் மனைவி ஹமீதுன்னிசாவுக்கு இருந்த ஒரே குறை.

ஹமீதுன்னிசா அவர்கள் குடியிருந்த லைன் வீடுகளின் பால்வாடி டீச்சர். மார்கழியில் போலியோ சொட்டு மருந்து முதல் சுற்று நடந்தபோது அவள் பால்வாடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்க, வீட்டுக்காரரோ மகள் தில்ஷாதைத் தூக்கிக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறிவிட்டார். கம்பெனியில் மெஷின் பொருத்த வந்த ஸ்வீடன்காரர் ஒருவர், தங்கள் ஊரில் போலியோவுக்கு ஊசிதான் என்று சொல்லியிருந்தார். அது பாஷாவின் மனதில் அப்படியே பதிந்துவிட்டது. தனியார் டாக்டரிடம் போய், "போலியோவுக்கு ஊசியே போட்டுடுங்க டாக்டர்" என்றார். கூட்ட நேரம். டாக்டர் சரியென்று தலையை ஆட்டினார். ஊசி போட்டார்கள். தில்ஷாத் கட்டிடம் அதிரக் கத்தினாள். பாஷாவுக்குப் பரம திருப்தி.

அன்று சாயங்காலமே ஹமீதுன்னிசா விசாரித்தாள்.

"ஊசியோட வாயில ஏதாச்சும் விட்டாங்களா?"

"ஆமா, ரெண்டு சொட்டு ஏதோ விட்டாங்க. புள்ள அழுதுச்சில்ல, அதுக்கா இருக்கும்."

"அதுதாங்க போலியோ மருந்து. ஊசிங்கறது தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி மூணுக்கும் சேர்த்துப் போடறது. மாசாமாசம் நர்ஸம்மா பால்வாடியில போடறாங்களே, அதே ஊசி. நீங்க கேட்டது நம்ம பக்கம் கிடைக்கறதே இல்ல."

"பஸ் சார்ஜ் குடுத்துப் போயிருக்கேன், பால்வாடி ஊசியாம்" என்று பாஷா பெட்ஷீட்டை இழுத்து மூடிக்கொண்டார்.

இந்தப் பேச்சு அவரோடு நின்றிருந்தால் ஹமீதுன்னிசா சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் சோதனை மேஜைக்காரர் சொன்னால் லைன் வீட்டுக்கே அது தீர்ப்பு. டீக்கடையில் நின்று, "எம் புள்ளைக்கு ஊசியே போட்டாச்சு. சொட்டு மருந்தெல்லாம் சும்மா. மாரம்மா பையனுக்கு ரெண்டு தடவை விட்டும் கால் போகலியா?" என்று அவர் கேட்க, கேட்டவர்கள் வீட்டுக்குப் போய் அதையே சொன்னார்கள். மாரம்மா கடைசி வீட்டுக்காரி. மகன் முனிவேலுக்கு நாலு வயது. போன வருடம் வந்த காய்ச்சலில் இடது கால் துவண்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் பாஷா ராத்திரி தூக்கம் கலைந்து எழுந்து தில்ஷாதின் கால்களைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தார். மனைவி பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பயத்தில்தான் மனுஷன் இப்படி வீம்பு பேசுகிறார் என்று அவளுக்குத் தெரியும். அதனாலேயே அவர்மேல் முழுதாகக் கோபப்படவும் முடியவில்லை.

பொங்கல் முடிந்து இரண்டாம் சுற்று வந்தது. முதல் நாள் ராத்திரி சாப்பிடும்போது அவள் பேச்சை எடுத்தாள்.

"உங்க கம்பெனியில போல்ட்டை எண்ணெய்ல முக்கித்தானே பெட்டியில போடறீங்க? பெட்டியில ஒண்ணு துருப்பிடிச்சிருந்தா என்ன செய்வீங்க?"

"மொத்தப் பெட்டியும் திரும்ப எண்ணெய்க்குப் போவும்."

"நல்லா இருக்கறதைப் பொறுக்கி வெச்சுட மாட்டீங்களா?"

"எதுல எண்ணெய் பிடிச்சிருக்கு, எதுல பிடிக்கலன்னு கண்ணால பாத்தா தெரியாது. அதுக்குத்தான் எல்லாத்தையும்" என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தி அவளை முறைத்தார்.

"சொட்டு மருந்தும் அப்பிடித்தாங்க. ஒரு தடவை விட்டா எல்லாப் புள்ளைங்க வயித்துலயும் பிடிக்கறது இல்ல. யாருக்குப் பிடிச்சுது, யாருக்குப் பிடிக்கலன்னு யார் கண்டா? முனிவேலுக்கு ரெண்டு தடவை போதாமப் போச்சு. அதனாலதான் திரும்பத் திரும்பக் குடுக்கச் சொல்றாங்க. அதிகமா விட்டா கெடுதலும் இல்ல. எல்லாப் புள்ளைக்கும் ஒரே நாள்ல விட்டா அந்தக் கிருமிக்கு ஒண்டறதுக்கு வயிறே இருக்காதாம்."

"போல்ட்டுக்குக் காய்ச்சல் வராது. குழம்பு ஊத்து" என்றார் பாஷா.

மறுநாள் காலை பால்வாடியில் மேஜை போட்டாயிற்று. நர்ஸ் சரஸ்வதி ஐஸ் வைத்த மருந்துப் பெட்டியோடு வந்து உட்கார்ந்தார். பக்கத்துத் தெருவிலிருந்து சில பிள்ளைகள் வந்தார்கள். லைன் வீட்டிலிருந்து ஒருத்தரும் இல்லை. பெண்கள் குழாயடியிலேயே நின்று, "டீச்சர் புள்ளை வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்கள். வரவில்லை என்று தெரிந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள்.

"சானமாவு காட்டுல ஆனை வந்திருக்குன்னா தெருவே கிளம்பிப் போவுது. மருந்துன்னா ஒருத்தரக் காணோம்" என்றார் நர்ஸ்.

ஹமீதுன்னிசா சிரித்தாள். ஆனால் கண் வாசலிலேயே இருந்தது. ஊர்ப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறவள் தன் பிள்ளையைக் கொண்டுவர முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அவமானம் ஒரு பக்கம். எல்லாரும் இப்படியே வீட்டில் இருந்துவிட்டால் இன்னொரு முனிவேல் யார் வீட்டிலோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

பதினோரு மணிவாக்கில் பாஷா வந்தார். ஒரு கையில் டிபன், இடுப்பில் தில்ஷாத். வாசற்படிக்கு வெளியிலேயே நின்று, "சாப்பாடு குடுக்கத்தான் வந்தேன்" என்று யாரும் கேட்காமலே சொன்னார். பின்னால் குழாயடிப் பெண்கள் வேடிக்கை பார்க்க நெருங்கினார்கள்.

அந்த நேரம் பார்த்து மாரம்மா வந்தாள். முனிவேல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்து வந்தான். பாஷா ஒதுங்கி வழிவிட்டார். விட்ட பிறகும் அவரால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"மாரம்மா, இவனுக்குத்தான் வந்துட்டுப் போயிடுச்சே. இனிமே எதுக்கு?"

மாரம்மா கோபப்படவில்லை. அரிசி விலை சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"ஒரு கால்தான பாய் போச்சு. இன்னொரு கால் இருக்குதே."

நர்ஸ் சீசாவை எடுத்துக்கொண்டே, "சரியாத்தான் சொல்றே. அந்தக் கிருமியில மூணு வகை இருக்கு. ஒண்ணு வந்ததனால மத்த ரெண்டும் வராதுன்னு இல்ல" என்றார். முனிவேல் வாயைத் திறந்தான். இரண்டு சொட்டு. நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு, போகலாமா என்று அம்மாவைப் பார்த்தான்.

பாஷாவின் கை தில்ஷாதின் முழங்காலைப் பிடித்திருந்தது. ராத்திரியில் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துப் பிடிக்கிற அதே பிடி. இப்போது தெருவே பார்த்தது. அவர் படியேறி உள்ளே வந்து, டிபனை மேஜையில் வைத்துவிட்டு, மகளை மடியில் சாய்த்து உட்கார்ந்தார்.

"போன மாசம் ஊசியோட வாயில விட்டது இதுதானாம் சிஸ்டர்" என்றார். "திரும்ப விட்டா ஒண்ணும் ஆவாதில்ல?"

"ஒண்ணும் ஆவாது. வாயைத் திறக்கச் சொல்லுங்க."

தில்ஷாத் இரண்டு சொட்டையும் வாங்கிக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். அழவில்லை. பாஷா கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தார்.

"அழலையே" என்றாள் ஹமீதுன்னிசா. "மருந்து பிடிச்சிருக்குமாங்க?"

"நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பியவர், வாசலில் நின்ற குழாயடிப் பெண்களைச் சோதனை மேஜை முறைப்பாக முறைத்தார்.

"இங்க என்ன வேடிக்கை? போய்ப் புள்ளைங்களத் தூக்கிட்டு வாங்க. டீக்கடையில நான் சொன்னது தப்பு. மருந்து விட்ட புள்ளை, விடாத புள்ளை எல்லாத்தையும் கொண்டாங்க."

பெண்கள் கலைந்து போனார்கள். படியிறங்கிக்கொண்டிருந்த மாரம்மாவிடம் பாஷா போனார். தில்ஷாதை மாரம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து முனிவேலைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, கடைசி வீடு வரைக்கும் அவர்களோடு நடந்தார்.