போட்டோவில் இருந்த ஒப்பந்தம்

வளைகுடாவில் அரபியில் மனுக்கள் டைப் அடித்துக் கொடுக்கும் கடைக்காரர், கொத்தனாரின் போனில் இருந்த ஒப்பந்த போட்டோவைப் பெரிதாக்கி வரிவரியாகத் தமிழில் சொன்னார். "சம்பளம் மாசம் ஆயிரத்து இருநூறு திர்ஹாம். வேலை எட்டு மணி நேரம், மேல செஞ்சா தனிக் கூலி. தங்குற இடம் கம்பெனி செலவு."

"கம்பெனிக்காரன் பன்னெண்டு மணி நேரம் பிழியுறான், ரூம் வாடகைன்னும் பிடிக்கிறான்!" என்று கொதித்தார் கொத்தனார். "ரெண்டு வருஷம் அசையக்கூடாதாமே?"

"யார் சொன்னா? முப்பது நாள் முன்னாடி எழுதிக் கொடுத்தா விலகலாம். உங்களை நிறுத்தணும்னா அவங்களுக்கும் அதே கெடுதான்."

சொன்னது, ஊரிலிருந்து அவரை வேலைக்கு அனுப்பி வைத்த ஏஜென்ட். அவன் கொத்தனாரின் சொந்த மச்சான். அங்கேயே நின்று அவனுக்குப் போன் போட்டார்.

"தெரிஞ்சேதான் என் கழுத்தை அறுத்தியாடா?"

மச்சான் போனை வைத்துவிட்டான்.

"ராஜினாமா அப்புறம் பார்த்துக்கலாம்," என்றார் கொத்தனார் கடைக்காரரிடம். "முதல்ல தொழிலாளர் ஆபீஸுக்கு ஒரு புகார் டைப் அடிங்க."