சிவப்பு பீப்பாய்

கிருஷ்ணகிரி அணை கட்டி முதன்முதலாகத் தண்ணீர் நிரம்பிய மறுவருடம், பெங்களூர்ப் பாய்ப்படகுக்காரர்கள் லாரியில் படகுகளை ஏற்றிவந்து பந்தயம் வைத்தார்கள். எங்கள் ஊர்ப் படகு ஒன்றே ஒன்று. சென்னகிருஷ்ணன் அண்ணனுடையது. அவர் சுக்கான் பிடிப்பார், நான் முன்பாயைப் பிடிப்பேன். ஒரு வருடமாக அந்த இடம் என்னுடையது.

அன்று காலை, போன மாதம் வேலைக்கு வந்த யேசுராஜைக் கூட்டிவந்து, "ஐசக்கு, இவனுக்குச் சொல்லிக் குடுப்பா. காலைப் பந்தயத்துல இவன் வரட்டும். தேறுனான்னா அடுத்த மாசம் பெங்களூர்ப் பந்தயத்துக்கும் இவன்தான்" என்றார் அண்ணன். எனக்கு வயிறு எரிந்தது.

கரையில் குந்தி, மணலில் கோடு போட்டேன். "காத்துக்கு நேரா படகு போவாது. வளைஞ்சு வளைஞ்சுதான் ஏறணும். மூக்கு காத்தைத் தாண்டித் திரும்புனா அது டேக். பின்பக்கம் காத்தைத் தாண்டுனா ஜைப். அப்ப பாய்க்கட்டை சரேல்னு இந்தப் பக்கம் வரும், தலையைக் குனிஞ்சுக்க."

"அந்தச் சிவப்பு பீப்பாய் என்னாண்ணா?"

"அதுதான் மிதவை. காத்து வர்ற பக்கம் கெடக்கிறதால காத்துமுனை மிதவை. அதை இடப்பக்கம் விட்டுச் சுத்தணும்."

அந்நாளைய விதிப்படி மிதவை மேல் விரல் பட்டாலே பந்தயத்திலிருந்து விலக வேண்டும். அதை மட்டும் நான் சொல்லவில்லை.

காற்று மந்தம். படகு சாயாமலிருக்க அண்ணன் வலப்பக்கமும் அவன் இடப்பக்கம் பாய்க்கடியிலும் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் மிதவைக்கு வந்தது எங்கள் படகுதான். காற்று இன்னும் விழ, படகு பீப்பாய்ப் பக்கம் நகர்ந்தது. பாய் மறைத்ததால் அண்ணனுக்கு அது தெரியவில்லை. யேசுராஜ் கையை நீட்டி அதைத் தள்ளிவிட்டான். கரையில் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

ஜெயித்து வந்தார்கள். அண்ணன் அவன் முதுகில் தட்டினார். அவனோ சிரித்துக்கொண்டே, "பீப்பா மோதப் பாத்துச்சுண்ணா, நான்தான் கையால தள்ளிட்டேன்" என்றான்.

அண்ணன் முகம் செத்துப்போயிற்று. நேராக நடுவரிடம் போய், மிதவையைத் தொட்டுவிட்டோம், விலகுகிறோம் என்று சொல்லித் திரும்பினார். "ஐசக்கு, தொடக்கூடாதுன்னு இவனுக்கு நீ சொல்லலையா?"

காலையில் மணலில் போட்ட கோட்டைக் காலால் அழித்தேன். யேசுராஜ் என்னைப் பார்த்தான். எல்லாம் புரிந்துவிட்டது அவனுக்கு.

"சொன்னாருண்ணா. நான்தான் மறந்துட்டேன்."

"மறக்கிறவன் எனக்கு ஆவாது. மத்தியானம் நீயே ஏறு, ஐசக்கு. பெங்களூருக்கும் நீதான்."

மத்தியானம் என் இடத்தில் நான் உட்கார்ந்தேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று படகைத் தள்ளிவிட்டவன் யேசுராஜ். "ஜைப் வந்தா தலையைக் குனிஞ்சுக்கங்கண்ணா" என்றான், கொஞ்சமும் குத்தல் இல்லாமல்.

தலையைக் குனிந்துகொண்டேன். காலையில் அவன்மேல் இருந்த பொறாமை இப்போது இரண்டு மடங்காகியிருந்தது.