வராமல் போனவர்களின் கணக்கு

முதலாளி ஹேமநாத்துக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. ரிமோட்டை எடுத்து ஏசியைக் கூட்டிவிடுவார். அன்று காலை அந்தச் சின்ன ஆபீஸ் ஐஸ் பெட்டி மாதிரி ஆகிவிட்டிருந்தது. பிளெஸ்ஸி துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தான் எழுதிய கேஸ் ஸ்டடியை அவர் படித்து முடிப்பதற்காகக் காத்திருந்தாள்.

திருப்பதியில் லாட்ஜ்களுக்கு வெப்சைட் செய்து, ஆன்லைனில் ரூம் புக்கிங் வர வைப்பதுதான் அவர்கள் தொழில். அலிபிரி பக்கம் சிவசங்கரன் நடத்தும் லாட்ஜுக்கு ஜனவரியில் புது வெப்சைட் போட்டுக்கொடுத்தார்கள். வேலை முழுக்க பிளெஸ்ஸியுடையது. அதைப் பற்றிக் கேஸ் ஸ்டடியாக ஒரு பதிவு எழுதி கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட வேண்டும். என்ன செய்தோம், என்ன மாறியது என்று காட்ட வேண்டும். அன்று மாலை நான்கு மணிக்குக் காளஹஸ்தியிலிருந்து துர்காதேவி வருகிறார். மூன்று லாட்ஜுக்குச் சொந்தக்காரர். தன் லாட்ஜ்களுக்கு வெப்சைட் போடும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பழைய வேலை ஒன்றைக் காட்டச் சொல்லியிருந்தார்.

துர்காதேவி கையெழுத்துப் போட்டால் பிளெஸ்ஸிக்கு வேலை நிரந்தரம். போடாவிட்டால் இந்த மாதத்தோடு சரி. ஹேமநாத் இதைப் போன வாரமே ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். அந்த விஷயத்தில் மட்டும் மனுஷன் யோக்கியர்.

"இன்னாம்மா இது?" என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாம வேலை செஞ்சதைச் சொல்றியா, வேலையில ஓட்டை இருக்குதுன்னு சொல்றியா?"

"ரெண்டும் நடந்துச்சு சார்."

"போன் கால் குறையலைன்னு எதுக்கு எழுதிக்கினு இருக்கே?"

"குறைக்கிறதுக்குத்தானே சார் சைட் போட்டோம். சைட்ல எல்லாம் இருந்தாலும் ஜனங்க ஒரு தடவை போன் பண்ணி கேட்டுக்கினுதான் வர்றாங்க. அவங்க ரிசப்ஷன்ல எழுதி வச்சதைப் பார்த்தேன். முன்னே எவ்ளோ வந்துச்சோ அவ்ளோதான் இப்பவும்."

"சரி, அது போவட்டும். இது?" அவர் விரல் அடுத்த வரியில் நின்றது.

பிளெஸ்ஸிக்குத் தெரியும், அங்கேதான் நிற்கும் என்று. புக் செய்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வராமல் போனவர்கள் போன மே மாதம் நூற்றுக்கு எட்டுப் பேர். இந்த மே மாதம் நூற்றுக்குப் பத்தொன்பது. அதற்குக் காரணத்தையும் எழுதியிருந்தாள். அட்வான்ஸ் கட்டாமலே புக் செய்யலாம் என்று புது சைட்டில் ஒரு பட்டன் வைத்தார்கள். மலைமேல் ரூமுக்கு முயற்சி செய்கிறவர்கள், கிடைக்காவிட்டால் இருக்கட்டும் என்று கீழே இங்கே ஒரு ரூம் பிடித்து வைத்தார்கள். மேலே கிடைத்ததும் இதை மறந்துவிட்டார்கள். அந்தப் பட்டன் பிளெஸ்ஸியின் யோசனை. அதனால் அந்த எண்ணைத் தட்டும்போது அவளுக்கு நாக்கில் கசப்பு ஏறியது. ஆனாலும் தட்டினாள்.

"புக்கிங் நூத்தி நாப்பதுல இருந்து இருநூத்தி மூணு ஆச்சுன்னு போட்டிருக்கே. நான் பார்த்தேன், பிப்ரவரில எழுபதுதான். எழுபதுல இருந்து இருநூத்தி மூணு! மூணு மடங்குன்னு போடு."

"பிப்ரவரி பரீட்சை நேரம் சார், கூட்டமே இருக்காது. மே லீவு. சைட்டே இல்லாட்டியும் மே மாசம் ஏறத்தான் செய்யும். போன மே மாசத்தோட இந்த மே மாசத்தை வச்சாத்தான் நம்மால எவ்ளோ ஏறுச்சுன்னு தெரியும்."

"இங்க எல்லாரும் அப்படித்தாம்மா போடுறாங்க."

"சிவசங்கரன் சார்கிட்ட இதைக் காட்டி சம்மதம் வாங்கிட்டேன். உள்ளதை எழுதுங்க, லாட்ஜ் பேரைத் தப்பில்லாம போடுங்கன்னு சொன்னாரு."

ஹேமநாத் ரிமோட்டை எடுத்தார். இன்னும் இரண்டு டிகிரி இறங்கியது.

மதியம் டிபன் பாக்ஸைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது, கம்பெனி பக்கத்தில் பதிவு வந்துவிட்டிருந்தது. 'மூன்று மடங்கு!' என்று தலைப்பு. பிப்ரவரியிலிருந்து மே வரை செங்குத்தாக ஏறும் பச்சைக் கோடு. போன் கால் வரி இல்லை. வராமல் போனவர்கள் வரி இல்லவே இல்லை. கீழே, அந்த ஆபீஸ் வழக்கப்படி, வேலை செய்தவரின் போட்டோவும் பெயரும். எழுதியவர்: பிளெஸ்ஸி. போட்டோவில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குக் காது இரண்டும் சூடேறியது. மாற்றியதுகூடப் பரவாயில்லை, தன் சிரிப்பைக் கொண்டுபோய் அதன் அடியில் ஒட்டியிருக்கிறாரே என்றுதான் பொறுக்கவில்லை. எழுந்து அவர் மேஜைக்குப் போனாள். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, அப்புறம் என்று கையைக் காட்டினார். அந்த அப்புறம் வருவதற்குள் மணி நான்காகி, துர்காதேவி வந்துவிட்டார்.

துர்காதேவி சின்ன உருவம். பெரிய கைப்பை. உட்கார்ந்ததும், "அப்பா, இன்னா குளிரு! ஏசியைக் கொஞ்சம் கொறைங்க" என்றார். ஹேமநாத் பாய்ந்து குறைத்தார். காபி வந்தது. திரையில் பச்சைக் கோடு ஏறியது. ஹேமநாத் தெலுங்கிலும் தமிழிலுமாக மாறி மாறி அதற்கு விளக்கம் சொன்னார். துர்காதேவி காபியை ஆற்றிக் குடித்து முடித்தார். பிறகு பிளெஸ்ஸியின் பக்கம் திரும்பினார்.

"இதை எழுதினது நீதானாம்மா?"

ஹேமநாத் பிளெஸ்ஸியைப் பார்த்தார். கெஞ்சலும் மிரட்டலும் கலந்த பார்வை. ஆம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியது. சித்தூரில் வீட்டு லோனை இவள் சம்பளத்தை நம்பித்தான், இவள் நைனா என்று கூப்பிடும் அப்பா வாங்கியிருந்தார்.

"வேலை செஞ்சது நான் மேடம்," என்றாள். "இந்தப் பதிவு நான் எழுதினது இல்லை."

துர்காதேவி காபி டம்ளரைத் தட்டில் வைத்தார்.

"நெனைச்சேன். வர்ற வழியில சிவசங்கரனுக்குப் போன் போட்டேன். லாட்ஜ் வச்சிருக்கறவங்க ஒருத்தரை ஒருத்தர் கேக்காம ஒரு பல்பைக்கூட மாத்தமாட்டோம். ரூம் புக் ஆவுது, ஆளுதான் வர்றதில்லைன்னு சொன்னாரு. அந்தப் பொண்ணு அதையும் எழுதியிருக்குதுன்னு சொன்னாரு. இதுல அது எங்கே?"

"அது… இடம் பத்தலைன்னு…" என்றார் ஹேமநாத்.

"இவ்ளோ பெரிய கோடு போட மட்டும் இடம் இருந்துச்சு, இல்லியா?" துர்காதேவி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "சைட் வேணாம்னு நான் சொல்லலை. நாளைக்கி எங்க லாட்ஜ்லயும் ஏதாச்சும் ஒண்ணு கெட்டுப்போவும். அப்ப நீங்க எங்கிட்டயும் இடம் பத்தலைன்னுதான் சொல்லுவீங்க. வர்றேன்."

கதவு மூடிய பிறகு வெகுநேரம் ஹேமநாத் ரிமோட்டைத் தொடவே இல்லை. அவர் வெடிக்கப் போகிறார் என்று பிளெஸ்ஸி காத்திருந்தாள். மனதுக்குள் பையைக்கூட எடுத்து வைத்துவிட்டாள். காத்திருந்து காத்திருந்து அவளுக்கே பொறுமை போய்விட்டது.

"என் பேரையும் போட்டோவையும் எடுத்துடுங்க சார். அப்புறம் நீங்க இன்னா சொன்னாலும் கேட்டுக்கறேன்."

"உன்னுதையே போட்டுடு," என்றார் அவர். குரல் கரகரத்தது. "காலையில எழுதினியே, அதை."

"சும்மா மாத்திட முடியாது சார். மதியத்துல இருந்து எத்தனை பேர் பார்த்தாங்களோ. மாத்தினோம்னு கீழே எழுதணும்."

"அதையும் எழுதணுமா?" இதைக் கேட்டபோது அவர் முகம் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர் முகமாக இருந்தது. பிளெஸ்ஸிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். எழுதி, அழித்து, மறுபடி எழுதினார். முடித்துவிட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

அவள் எழுதியது ஒரு எழுத்து மாறாமல் இருந்தது. அதன் அடியில்: 'திருத்தம். இன்று மதியம் இங்கே வந்த பதிவில் கூட்டமில்லாத பிப்ரவரியோடு மே மாதத்தை ஒப்பிட்டிருந்தோம். அது சரியான ஒப்பீடு இல்லை. முன்னேறாத எண்களையும் எழுதாமல் விட்டிருந்தோம். விட்டது பிளெஸ்ஸி இல்லை, நான். ஹேமநாத்.'

"அந்தம்மாவுக்கு லிங்க்கை அனுப்பிடு," என்றார். "ஒண்ணும் எழுதாதே. லிங்க் மட்டும் போதும்."

மாலை சித்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நைனாவிடம் என்ன சொல்வது என்று பிளெஸ்ஸி ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் வேலை போகிறது என்பதில்தான் முடிந்தது. வருத்தமாக இருந்தது. ஆனால் காதுச் சூடு இறங்கியிருந்தது. தான் எழுதியதில் ஒளித்தது ஒன்றுமில்லை என்ற நிம்மதி. கொஞ்சம் பெருமை என்றே சொல்லலாம்.

சந்திரகிரி தாண்டியபோது போன் அதிர்ந்தது. துர்காதேவி குரல் செய்தி அனுப்பியிருந்தார். காதோடு வைத்துக் கேட்டாள்.

"படிச்சேம்மா. சொல்லாம வராதவங்க கணக்கு இருக்குது. சரி. சொல்லிட்டு கேன்சல் பண்ணவங்க கணக்கு எங்கே? அட்வான்ஸ் இல்லேன்னா அதுவும் ஏறியிருக்கணுமே? எல்லாம் போவ கடைசியில எத்தனை பேர் வந்து தங்கினாங்க?"

பிளெஸ்ஸி செய்தியை இன்னொரு முறை ஓடவிட்டாள். கேன்சல் கணக்கு அவளிடம் இருந்தது. எழுதும்போது பார்த்தாள். கேன்சலான ரூமை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம், அது நஷ்டமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தள்ளிவிட்டாள். சாஃப்ட்வேரும் கேன்சலானதைப் புக்கிங்கிலேயே சேர்த்துத்தான் காட்டியது. அது அவளுக்கும் வசதியாகத்தான் இருந்தது. ஹேமநாத் பெரிய துணி போட்டு மூடியதை இவள் கைக்குட்டை போட்டு மூடியிருக்கிறாள். காலையிலிருந்து அவரை மனதுக்குள் திட்டித் தீர்த்த வாய் இப்போது உலர்ந்தது.

பஸ் குலுங்கியது. போனிலேயே கணக்குப் போட்டாள். போன மே: நூற்று நாற்பது புக்கிங். கேன்சல் பதினேழு, வராதவர் பதினொன்று. வந்து தங்கியது நூற்றுப் பன்னிரண்டு. இந்த மே: இருநூற்று மூன்று புக்கிங். கேன்சல் முப்பத்து நான்கு, வராதவர் முப்பத்தொன்பது. வந்து தங்கியது நூற்று முப்பது.

ஐந்து மாத உழைப்பு. அறுபத்து மூன்று புக்கிங் கூடியது என்று தலைநிமிர்ந்து எழுதியது, வந்து தங்கியவர்களை எண்ணினால் கடைசியில் பதினெட்டாகச் சுருங்கி அவள் உள்ளங்கையில் கிடந்தது. இதை அனுப்பினால் அந்த அம்மாள் இனி எதற்கு வரப் போகிறார்?

பிளெஸ்ஸி இரண்டு வரிசையையும் அப்படியே தட்டினாள். 'இதை எழுதாமல் விட்டது நான்தான் மேடம், ஹேமநாத் சார் இல்லை' என்று சேர்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள்.

பஸ் அடுத்த நிறுத்தத்தில் ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய பிறகுதான் பதில் வந்தது.

"பதினெட்டுன்னா நம்பறேன்மா. திங்கக்கெழமை வா. எங்க மூணு லாட்ஜ்லயும் இப்ப எத்தனை பேர் வர்றதில்லைன்னு முதல்ல அதை எண்ணிட்டு, அப்புறம் சைட்டைப் பேசிக்கலாம்."