பக்கத்து வீட்டு இருமல்

பேக்கரிக்காரர் தன் வீட்டை மகள் பேரில் எழுதி வைக்கலாம் என்று வக்கீலம்மாவிடம் போனார். போகும்போது வீட்டுக்காரராகப் போனவர், அரை மணி நேரத்தில் வெறும் குடியிருப்பவராகத் திரும்பி வந்தார்.

"கிரயப் பத்திரம் எங்கே?" என்று வக்கீலம்மா கேட்டதற்கு, பெட்டியிலிருந்து பவர் பத்திரத்தை எடுத்து நீட்டினார். கூடவே விற்பனை ஒப்பந்தம், பணம் கொடுத்த ரசீது. பத்திரச் செலவு மிச்சம் என்று அந்தக் காலத்தில் யாரோ சொன்ன யோசனை.

"இது பவர்தான், ஐயா. 'என் சார்பா இவர் செய்யலாம்'னு அவர் கொடுத்த அனுமதி. வீட்டையே கொடுத்ததா ஆகாது. நீங்க முழுப் பணமும் கொடுத்திருக்கலாம், இத்தனை வருஷம் குடியிருக்கலாம். கிரயப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யற வரைக்கும் வீடு அவரோடதுதான். உங்களோடது ஆகாததை மகளுக்கு எப்படி எழுதுவீங்க?"

"பவர்ல விக்கிற அதிகாரம் இருக்கேம்மா. நானே எனக்கு எழுதிக்கிட்டா?"

"விக்கிறவர் சார்பாவும் நீங்க, வாங்கறவரும் நீங்கன்னா நாளைக்கு ஆயிரம் கேள்வி வரும். அவரே வந்து எழுதிக் கொடுக்கறதுதான் சுத்தம். இருக்கார் இல்லே?"

"இருக்கார். கொஞ்சம் இருமிக்கிட்டு."

"அப்போ சீக்கிரம் பாருங்க. அவர் போயிட்டா பவரும் அதோட முடிஞ்சுது. அப்புறம் வாரிசுங்க ஒவ்வொருத்தர் பின்னாடியும் அலையணும்."

அந்த 'அவர்' வேறு யாருமில்லை, பக்கத்து வீட்டு டிரில் மாஸ்டர். ஒரு விசிலில் ஊரையே எழுப்பிவிடக்கூடியவர். அந்த விசில் சத்தத்தால் வந்த சண்டையில்தான் பேக்கரிக்காரர், "என் வீடு, என் சுவர்" என்று மார்தட்டி, மாஸ்டர் முற்றத்தைப் பார்த்திருந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. மாஸ்டரின் பிள்ளைகளோ மூன்று பேர், மூன்று திசை. ஒருத்தர் மூஞ்சியில் ஒருத்தர் விழிக்க மாட்டார்கள்.

வக்கீலம்மாவைப் பார்த்து வந்த நாள் முதல், மாஸ்டர் இருமினால் பேக்கரிக்காரருக்கு மூச்சு நின்றது. இருமல் ஓய்ந்தாலோ, இன்னும் மோசம். சுவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றார்.

"சுவருக்கு வைத்தியம் பார்க்கறதுக்குப் பதிலா, நேரே போய்க் கிரயம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டுடுங்களேன்," என்றாள் மனைவி.

"எந்த முகத்தோட கேட்கறது?"

முகம் கிடைக்காததால் ரொட்டியோடு போனார். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்தது, பாலில் ஊறினால் பல்லே வேண்டாம். மாஸ்டர் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டார். மறுநாள் சூப் போனது. அப்புறம் இருமல் மருந்து, கம்பளி மப்ளர். குளியலறையில் வழுக்காத பாய். டாக்டரிடம் ஆட்டோவில் அழைத்துப் போனபோது, ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவரைத் திட்டிய திட்டில் ரோடே நாணிச் சமமாகியிருக்கும். உலகத்தில் எந்த ராஜாவையும் யாரும் இப்படித் தாங்கியிருக்க மாட்டார்கள்.

போகப்போக ஒரு விபரீதம் நடந்தது. பத்திரம் மறந்துபோய், மாஸ்டர் சாப்பிட்டாரா என்பது மட்டும் நினைவில் நின்றது. அது தெரிந்ததும் பேக்கரிக்காரருக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு மாலை மப்ளரைச் சரிசெய்துகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"முதல்ல வந்தது வீட்டுக்காகத்தான், மாஸ்டர். பொய் சொல்ல மாட்டேன்."

"தெரியும்யா. பவர் கொடுத்தவன் நான், எனக்குத் தெரியாதா?" மாஸ்டர் ரொட்டியைப் பாலில் முக்கினார். "நீ ஜன்னலை அடைச்ச மறுநாளே ரத்து பண்ணலாம்னு பதிவு ஆபீஸ் வாசல் வரைக்கும் போனேன்."

"அப்புறம்?"

"உன் பொண்ணு அப்போதான் பேசப் பழகிட்டிருந்தா. நான் விசில் ஊதினா ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்னு 'லெஃப்ட், ரைட்'னு காலைத் தூக்குவா. ஜன்னலை அடைச்சப்புறமும் சுவர் வழியா அவ குரல் கேட்டுது. திரும்பி வந்துட்டேன்."

பேக்கரிக்காரர் எதற்கோ மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நீயா கேட்கட்டும்னு இருந்தேன். கேட்டா உடனே போடணுமேன்னும் இருந்துது. கையெழுத்து ஆயிட்டா ரொட்டி நின்னுடுமில்லே?"

"என்ன மாஸ்டர் பேச்சு இது."

பதிவு ஆபீஸில் மாஸ்டர் விறைப்பாக நின்றார். போட்டோ எடுத்தவர் இரண்டு தடவை, "சாதாரணமா இருங்க, சார்" என்றார். முழு விலையும் வாங்கியாயிற்றா, சம்மதம்தானா என்று அதிகாரி கேட்டதற்கு, "யெஸ், சார்" என்று போட்ட சத்தத்தில் கட்டிடம் ஓரடி நகர்ந்தது. ரேகை வைத்தார். வீடு பேக்கரிக்காரருடையதாயிற்று.

வக்கீலம்மா மகள் பேரில் எழுதும் தேதியைக் கேட்டாள்.

"அடுத்த வாரம்மா. அதுக்கு முன்னாடி என் சுவர்ல ஒரு வேலை இருக்கு."

மறுநாள் காலை செங்கல் இடிபடும் சத்தம் கேட்டு மாஸ்டர் முற்றத்துக்கு வந்தார். தூசி அடங்கியதும் ஓட்டை வழியே ஒரு தட்டு நீண்டது.

"சூடா இருக்கு, ஊதிச் சாப்பிடுங்க."

"கொஞ்சம் பெருசா இடியேன்யா," என்றார் மாஸ்டர். "முகம் தெரியலே."